தவிடா, இசப்கோலா, இரண்டையும் நிறுத்துவதா?

என் மாமாவின் மலச்சிக்கலை மோசமாக்கியது நான்தான். உணவியல் படித்து, அதையே தொழிலாகச் செய்கிறவள். இருந்தும் போனில் ஒரே வரியில் “நார்ச்சத்தைக் கூட்டுங்க மாமா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எந்த நார்ச்சத்து, எவ்வளவு, எத்தனை நாளில் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பத்தாவது நாள் அத்தை கூப்பிட்டு, “வயிறு கல்லு மாதிரி இருக்கும்மா, சாப்பாட்டைக் கண்டாலே வேண்டாங்கிறார்” என்றார்.

மாமா திருப்பரங்குன்றத்தில் இருக்கிறார், வயது 68. தினமும் மலையைச் சுற்றி நடந்தவர். முழங்கால் வலி வந்தபிறகு நடை வாசல் திண்ணையோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறார், அதுவும் முக்கி முக்கி, ஆட்டுப்புழுக்கை மாதிரி. சாப்பாடு வழக்கமான வீட்டுச் சாப்பாடு. காலையில் நாலு இட்லி, மத்தியானம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், ராத்திரி தோசை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 18 கிராம் நார்ச்சத்து வரும். பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 25 முதல் 30 கிராம். ஆகவே கூட்டச் சொன்னதில் தப்பில்லை. கூட்டிய விதத்தில்தான் தப்பு.

மாமா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. இட்லிக்குப் பதில் கம்பங்கூழ். பதினோரு மணிக்கு மோரில் மூன்று பெரிய ஸ்பூன் கோதுமைத் தவிடு. தொண்டையில் குத்துகிறதென்று அதை மில்லில் கொடுத்து நைஸாக அரைத்து வாங்கியிருந்தார். மத்தியானம் ஒரு பொரியல் இரண்டாக ஆனது. சாயங்காலம் விதையோடு இரண்டு கொய்யா. ராத்திரி தோசைக்குப் பதில் மூன்று சப்பாத்தி, படுக்கும்போது அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு பெரிய ஸ்பூன் இசப்கோல். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு நான் சொல்லக்கூடியதுதான். கூட்டிப் பார்த்தேன். கூழில் எட்டரை, தவிட்டில் ஆறு, மத்தியானச் சாப்பாட்டில் பன்னிரண்டு, கொய்யா இரண்டும் சேர்ந்து பதினேழு, சப்பாத்தியில் பத்து, இசப்கோலில் எட்டு. மொத்தம் 60 கிராமுக்கு மேல். 18-லிருந்து 60-க்கு ஒரே வாரத்தில் தாவியிருக்கிறார். குடிக்கிற தண்ணீர் மட்டும் பழைய அளவுதான். ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்குமே என்று, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைத் தொடுவதுகூட இல்லை.

இரண்டு டம்ளர்

கரையும் நார்ச்சத்து, கரையா நார்ச்சத்து என்ற பிரிவை வாயால் விளக்குவதைவிட அடுப்படியில் காட்டுவது சுலபம். இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் ஒரு ஸ்பூன் கோதுமைத் தவிடும் மற்றதில் ஒரு ஸ்பூன் இசப்கோலும் போட்டுக் கலக்கி அரைமணி நேரம் விடுங்கள். தவிடு கொஞ்சம் ஊறி அடியில் தங்கும், மேலே தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். இசப்கோல் போட்ட டம்ளரில் கஞ்சி மாதிரி ஒரு கொழகொழப்பு. தண்ணீர் முழுவதையும் உமி பிடித்துவைத்துக்கொண்டிருக்கும். தவிடு, தானியத்தின் மேல்தோல், கொய்யா விதை, கீரைத்தண்டின் நார் இவையெல்லாம் பெரும்பாலும் கரையா வகை. இசப்கோல், ஊறவைத்த வெந்தயத்தின் பசை, வெண்டைக்காயின் வழவழப்பு, பழச் சதையில் உள்ள பெக்டின் கரையும் வகை. எந்த உணவிலும் இரண்டும் கலந்துதான் இருக்கும், எது தூக்கல் என்பதுதான் வித்தியாசம்.

இதுவரை பள்ளிப் பாடம். மலச்சிக்கல் என்று வந்தால் இந்தப் பிரிவு மட்டும் போதாது. கரைந்தது கடைசி வரை கரைந்தே இருக்குமா என்று பார்க்க வேண்டும். பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரையும் நார்ச்சத்தில் பெரும்பகுதி விருந்துச் சாப்பாடு. தின்று தீர்த்துவிட்டு வாயுவை விட்டுவைக்கும். தின்றுமுடித்தபின் தண்ணீரைப் பிடித்துவைக்க அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. வெந்தயப் பசைக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். சாப்பிட்டபின் சர்க்கரை எகிறாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் மலத்தை இளக்கும் என்று அதை நம்ப முடியாது. பாக்கெட் பிஸ்கட்டிலும் சத்துமாவிலும் சேர்க்கிற இனுலின் என்ற நார்ச்சத்தும் அப்படித்தான். இசப்கோல் இதில் தனி ரகம். நுண்ணுயிர்கள் அதை அதிகம் தொடுவதில்லை, அதனால் அந்தக் கொழகொழப்பு கடைசி வரை தண்ணீரோடு போய்ச் சேருகிறது.

இந்தத் தண்ணீர்தான் எல்லாக் கணக்கும். சாதாரண மலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு தண்ணீர். அதில் மூன்று நான்கு பங்கு குறைந்தாலே புழுக்கையாகிவிடும், மூன்று நான்கு பங்கு கூடினாலே நன்றாக இளகிவிடும். இவ்வளவு சின்ன இடைவெளியில்தான் மனுஷன் நிம்மதியும் அவஸ்தையும் இருக்கிறது.

தவிடு எங்கே உதவும், எங்கே உதைக்கும்

தவிடு தண்ணீரைப் பிடிக்காது என்றால் பிறகு எப்படித்தான் வேலை செய்கிறது? உராய்வால். கொரகொரப்பான தவிட்டுத் துகள் பெருங்குடலின் உட்சுவரில் உரசிக்கொண்டு போகும்போது, சுவர் தன்னைக் காத்துக்கொள்ளச் சளியையும் நீரையும் சுரக்கிறது. மலம் அதில் இளகி நகர்கிறது. துகள் பெரிதாக இருந்தால்தான் இந்த உரசல் நடக்கும். நைஸாக அரைத்த தவிட்டுக்கு உரசவும் தெரியாது, தண்ணீரைப் பிடிக்கவும் தெரியாது. மலத்தில் காய்ந்த மாவு மாதிரி சேர்ந்து அதை இறுக்கத்தான் செய்யும். தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று மாமா மில்லில் அரைத்தாரே, அங்கேயே தவிட்டின் மருந்து போய்விட்டது. மிச்சமிருந்தது கனம் மட்டும்.

தவிட்டை நான் யாருக்குச் சொல்வேன் என்றால், நன்றாக நடமாடுகிற, தண்ணீர் குடிக்கிற, வயிற்று உப்புசம் இல்லாத, மைதாவிலும் வெள்ளைச் சோற்றிலும் நாளை ஓட்டுகிற ஆளுக்கு. ராத்திரி பரோட்டா, காலையில் ஒன்றுமில்லை, மத்தியானம் பிரியாணி என்று போகிற இருபத்தைந்து வயதுப் பையனுக்குக் கொரகொரத் தவிடு ஒரு ஸ்பூன், அல்லது அதைவிட நல்லதாகக் கம்பும் கேழ்வரகும், நன்றாகவே வேலை செய்யும். வயிறு அடிக்கடி வலித்து உப்பிக்கொள்கிறவர்களுக்குத் தவிடு பெரும்பாலும் வலியைக் கூட்டும்.

இசப்கோல்: தண்ணீர் இல்லையென்றால் தராதீர்கள்

மலச்சிக்கலுக்கென்று ஒரே ஒரு நார்ச்சத்தைத்தான் எடுக்கலாம் என்றால் நான் இசப்கோலைத்தான் எடுப்பேன். மலம் இறுகியிருந்தால் இளக்கும், தண்ணியாகப் போனால் கெட்டிப்படுத்தும். இரண்டுக்கும் காரணம் அந்தக் கொழகொழப்புதான். வாயுத் தொல்லையும் மற்றவற்றைவிடக் குறைவு. மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை.

ஆனால் அது குடித்த தண்ணீரைத்தான் பிடித்துவைக்கும், தானாகத் தண்ணீரை உண்டாக்காது. ஒரு பெரிய ஸ்பூன், அதாவது ஏறக்குறைய 5 கிராம் உமிக்கு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், 240 மில்லியாவது வேண்டும். கலக்கியதும் உடனே குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் குடித்தால் இன்னும் நல்லது. அரை டம்ளரில் இரண்டு ஸ்பூன் போட்டால் அது குடிக்கிற பொருளாக இருக்காது, களியாகிவிடும். தொண்டையில் சிக்கலாம், குடலில் கட்டியாக நிற்கலாம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும், பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும், குடல் ஏற்கெனவே குறுகியவர்களுக்கும் இசப்கோல் கொடுக்கவே கூடாது. இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். படுக்கப் போகும் நேரத்தில் எடுக்கிற பழக்கமும் எனக்குப் பிடிக்காது. சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு எடுத்தால் தண்ணீர் குடிக்க நேரம் இருக்கும்.

இன்னொன்று. அந்தக் கொழகொழப்பு மாத்திரைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை மாதிரியானவற்றுக்கும் இசப்கோலுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரமாவது விட வேண்டும்.

பழத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த பிளம்ஸ் இசப்கோலைவிட நன்றாக வேலை செய்ததாக 2011-ல் ஒரு ஆய்வு வந்தது. அதில் நார்ச்சத்தோடு, தண்ணீரை இழுக்கிற சார்பிட்டால் என்ற இனிப்பும் இருப்பது ஒரு காரணம். நம் ஊரில் அதன் விலைக்குத் தினமும் வாங்கித் தின்பது நடக்காத காரியம். பழுத்த பப்பாளியும் நன்றாகக் கனிந்த வாழைப்பழமும் போதும். காயாக இருக்கும் வாழை வயிற்றைக் கட்டும், அது தெரிந்துதான் நம் வீடுகளில் பேதிக்கு வாழைக்காய் கொடுக்கிறார்கள்.

கூடினால் ஏன் அடைக்கிறது

மாமாவின் வயிற்றில் என்ன நடந்தது என்று பார்ப்போம். பெருங்குடலின் முக்கிய வேலையே தண்ணீரை உறிஞ்சுவது. மலம் உள்ளே எத்தனை மணி நேரம் தங்குகிறதோ அத்தனை மணி நேரமும் அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குடல் சரியாக நகர்கிறவருக்கு நார்ச்சத்தைக் கூட்டினால் மலம் பருமனாகி, பருமன் குடலைத் தூண்டி, சீக்கிரம் வெளியேறும். நார்ச்சத்து நல்லது என்று எல்லோரும் சொல்வது இந்தக் குடலை வைத்துத்தான். ஆனால் குடலின் நகர்ச்சியே மெதுவாகிவிட்டவருக்குக் கூட்டினால் பருமன் மட்டும் கூடும், வேகம் கூடாது. அந்தப் பெரிய மூட்டை உள்ளேயே கிடந்து காயும். முன்பு சின்னப் புழுக்கையாக இருந்தது இப்போது பெரிய கட்டி. பின்னால் அடுத்த நாளின் 60 கிராம் வந்து சேரும், அதற்குப் பின்னால் அதற்கடுத்த நாளுடையது. சித்திரைத் திருவிழா அன்று மாசி வீதிக்குள் இன்னும் நாலு பஸ்ஸை அனுப்பினால் கூட்டம் எப்படிக் குறையும்? இதற்கு நடுவில் நுண்ணுயிர்கள் கிடைத்ததைத் தின்று வாயுவை உண்டாக்க, அந்த வாயுவுக்கும் போக வழியில்லாமல் வயிறு மத்தளம்.

வாசலே திறக்காத இன்னொரு வகையும் உண்டு. முக்கும்போது ஆசனவாய்த் தசை தளர வேண்டும். சிலருக்கு அது தளராமல் இறுகும். இவர்களை எப்படி அடையாளம் காண்பது என்றால், மலம் இளகலாக இருக்கும்போதும் முக்குவார்கள், போய் வந்தபின்னும் பாதி உள்ளேயே இருக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள், சிலர் கைவிரலால் உதவ வேண்டியிருக்கும். வெட்கப்பட்டு டாக்டரிடமும் சொல்லமாட்டார்கள். இவர்களுக்கு எந்த நார்ச்சத்தும் தீர்வாகாது. தசையைப் பழக்குகிற பயிற்சிதான் சிகிச்சை.

1997-ல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில் நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 149 பேருக்கு இசப்கோல் விதையை ஆறு வாரத்துக்குக் குறையாமல் கொடுத்துப் பார்த்தார்கள். குடலிலும் தசையிலும் கோளாறு எதுவும் இல்லாதவர்களில் 85 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. குடல் நகர்ச்சி மந்தமானவர்களில் 80 சதவீதம் பேருக்கும், வெளியேற்றுவதில் கோளாறு உள்ளவர்களில் 63 சதவீதம் பேருக்கும் பயனே இல்லை. ஒரே பொருள்தான், யார் வயிறு என்பதைப் பொறுத்துத்தான் இத்தனை வித்தியாசம்.

2012-ல் சிங்கப்பூரிலிருந்து வந்தது இன்னும் அதிரடியானது. காரணம் கண்டுபிடிக்க முடியாத மலச்சிக்கலோடு, ஏற்கெனவே நார்ச்சத்து நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்த 63 பேரை அதை நிறுத்தவோ குறைக்கவோ சொன்னார்கள். முழுக்க நிறுத்திய 41 பேரும், முன்பு சராசரியாக மூன்றே முக்கால் நாளைக்கு ஒரு முறை போனவர்கள், தினமும் போக ஆரம்பித்தார்கள். பழையபடியே நிறையச் சாப்பிட்ட ஆறு பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. இதைப் படித்துவிட்டு எல்லோரும் கீரையைத் தூக்கிப்போட வேண்டாம். அது சின்ன ஆய்வு. யார் எந்தப் பிரிவில் இருப்பது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை, அவரவர் தேர்ந்துகொண்டதுதான். நார்ச்சத்தே இல்லாத சாப்பாடு காலத்துக்கும் சாப்பிடத்தக்கதும் இல்லை. ஆனால் கூட்டியும் சரியாகவில்லை என்றால் குறைத்துப் பார்ப்பது ஒரு நியாயமான வழி என்பதற்கு இதுவே எனக்குப் போதும்.

மாமாவுக்கு என்ன செய்தோம்

அத்தை போன் செய்த அன்று மாமாவுக்கு எட்டு நாளாக மோஷன் போகவில்லை. போன் வருவதற்கு முதல் நாள் மட்டும் கொஞ்சம் தண்ணியாகப் போயிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, “இளகிடுச்சு, இனி சரியாயிடும்” என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். மாமாவும் அன்றைக்கு இன்னொரு ஸ்பூன் இசப்கோல் சேர்த்துக்கொண்டார். எனக்கு அதைக் கேட்டதும்தான் பயம் வந்தது. மலக்குடலில் கட்டி அடைத்திருக்கும்போது, மேலே இருக்கும் தண்ணி அதன் ஓரமாகக் கசிந்து வெளியே வரும். பார்க்கப் பேதி மாதிரி இருக்கும், உண்மையில் அது அடைப்பின் அடையாளம். அந்த நேரத்தில் நார்ச்சத்து கொடுப்பது, அடைத்த சாக்கடையில் இன்னும் குப்பையைக் கொட்டுவதுதான்.

டாக்டர் கையுறை போட்டுச் சோதித்துப் பார்த்து, அடைத்திருப்பதை உறுதிசெய்தார். எனிமா கொடுத்து முதலில் அதை வெளியேற்றினார்கள். அப்புறம் பாலிஎதிலீன் கிளைக்கால் பொடி, தினமும் தண்ணீரில் கலந்து. இது நார்ச்சத்து இல்லை. குடலில் உறிஞ்சப்படாமல், தன்னோடு தண்ணீரையும் வைத்துக்கொண்டு போகிற மருந்து, பருமனைக் கூட்டாது. லாக்டுலோஸ் சிரப்பும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்யும், ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயு உண்டாக்குவதால், ஏற்கெனவே உப்பிக்கிடந்த வயிற்றுக்கு டாக்டர் அதைத் தரவில்லை.

பிறகு அவர் மாமாவின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தார். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. முழங்கால் வலிக்காக மூன்று மாதமாக டிரமடால் கலந்த மாத்திரையும், கூடவே கால்சியமும் ஓடிக்கொண்டிருந்தன. டிரமடால் ஓபியாய்டு வகை வலிமருந்து. குடலின் நகர்ச்சியையே மந்தமாக்கும். கால்சியமும் பலருக்கு வயிற்றைக் கட்டும். நடை நின்றதால் வந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த சிக்கலில் பாதி மாத்திரை அட்டையில் இருந்தது. வலிமருந்தை மாற்றினார், தைராய்டு சோதனையும் எழுதிக்கொடுத்தார். தைராய்டில் ஒன்றுமில்லை.

சாப்பாட்டை நான் பார்த்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம் பழைய இட்லி, குழைந்த சோறு, பருப்பு ரசம், தோல் சீவி வேகவைத்த சுரைக்காய், பூசணிக்காய், தயிர். நார்ச்சத்து 15 கிராமுக்குள் அடங்கியது. “என்னம்மா இது, நோயாளிச் சாப்பாடு” என்று மாமா முகம் சுளித்தார். கம்பு, தவிடு, கொய்யா எல்லாம் நிறுத்தம். காலை டிபன் முடிந்து பத்து நிமிஷத்தில், வருகிறதோ இல்லையோ, டாய்லெட்டில் உட்கார வேண்டும். சாப்பிட்டதும் பெருங்குடல் இயல்பாகவே நகரும், அந்த நேரத்தை விடக்கூடாது. முழங்காலால் குத்துக்கால் போட முடியாது, ஆகவே மேல்நாட்டுக் கழிப்பறைக்கு முன்னால் ஒரு தாழ்வான மணையைப் போட்டு அதில் கால் வைத்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காரச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் இசப்கோல், இந்தத் தடவை சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஒரு சின்ன ஸ்பூன், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில். ஒரு வாரம் அதே அளவு. உப்புசம் இல்லை, மலமும் இளகலாகத்தான் இருந்தது. நான்காவது வாரம் இரண்டு சின்ன ஸ்பூன். அங்கேயே நிறுத்திக்கொண்டோம். மருந்துப் பொடியை டாக்டர் மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து ஆறாவது வாரத்தில் நிறுத்தினார். அதன்பிறகு ஒரு வாரத்துக்கு ஒரு உணவு என்று சேர்த்தோம். முதலில் பப்பாளி, அடுத்து வெண்டைக்காய், அடுத்து முருங்கைக்கீரை. இப்போது 24, 25 கிராமில் நிற்கிறார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகிறார், முக்காமல். தினமும் போக வேண்டும் என்று அவருக்கு இன்னும் ஆசை இருக்கிறது. வாரத்துக்கு மூன்று தடவை, சிரமமில்லாமல் போனாலே அது மலச்சிக்கல் இல்லை என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது நார்ச்சத்தைக் கூட்டிய பத்து நாளில் உப்புசம் அதிகமாகி, போகும் இடைவெளி நீண்டால், அடுத்த ஸ்பூனைப் போடாதீர்கள். பாதியாகக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள், மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். இரத்தம் போனாலோ, எடை தானாகக் குறைந்தாலோ, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகப் பழக்கம் மாறினாலோ, சோகை இருந்தாலோ இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயுகூடப் பிரியவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

போன மாதம் திருப்பரங்குன்றம் போயிருந்தேன். அத்தை அந்த நைஸ் தவிட்டை வீணாக்க மனசில்லாமல் டப்பாவில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.